காணொளி இணைப்பை இரண்டாவது மடலுக்குத் தள்ளினேன்

கொழும்பு புறக்கோட்டைக் கடைகளின் இணையத்தளங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். வேலை கேட்டுக் கடைக்காரர்களுக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே நான் பேசும் காணொளியின் இணைப்பை வைத்து அனுப்பிவந்தேன். ஒரு புடவைக்கடை முதலாளி மட்டும் அழைத்தார்.

"தம்பி, முன்பின் தெரியாத ஆள் அனுப்பும் லிங்கை எப்படி அழுத்துவது? வங்கிக் காசு போய்விடும் என்று மகள் சொல்லியிருக்கிறாள்."

காணொளியின் முகப்பில் நான் தெருவில் நின்று எடுத்த அவருடைய கடைப் படம் வேறு இருந்தது. யாரோ வேவு பார்ப்பதாகத் தோன்றியதாம். அவர் சொன்னது முழுக்க நியாயம்.

இப்போது முதல் மடலில் எழுத்து மட்டும்தான்: "உங்கள் தளத்திலுள்ள எண்ணைக் கைபேசியில் அழுத்தினால் அழைப்புப் போகவில்லை. 40 விநாடிக் காணொளியில் காட்டட்டுமா?" அனுப்பச் சொன்னால் மட்டுமே திரைப்பதிவு போகும். முதல் 5 விநாடிக்குள் பிழை தெரிந்துவிட வேண்டும். என் முகம் ஓர் ஓரத்தில் சிறிதாக இருந்தால் போதும். வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போது ஒலியைக் கேட்க முடியாது என்பதால், அதே விஷயத்தைக் கீழே இரண்டு வரியில் எழுதிவிடுகிறேன்.

குரல் பதிவு, தாங்களே முதலில் குரலில் பேசியவர்களுக்கு மட்டும். அந்த முதலாளி இன்று வாட்ஸ்அப்பில் குரலிலேயே பேசுகிறார், நானும் அப்படியே பதில் சொல்கிறேன். விலையை மட்டும் எழுத்தில் அனுப்புகிறேன். பிறகு தேடி எடுக்க அவருக்கு அதுதான் வசதி.