மேடையில் யார் பெயர் முதலில்? ஒலிவாங்கியைப் பிடிக்கும் முன் செய்ய வேண்டியவை

ஒரு விழா மேடையில் ஐந்து விருந்தினர்கள் அமரப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: ஓர் அமைச்சர், இரு நாடுகளின் தூதர்கள், ஒரு துணைவேந்தர், ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி. அறிமுகம் உங்கள் பொறுப்பு. அழைப்பிதழில் உள்ள வரிசையை அப்படியே படித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். பல அழைப்பிதழ்களில் அது வர ஒப்புக்கொண்டவர்களின் வரிசைதான்.

முதலில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அட்டை எழுதுங்கள். அதில் சொற்களின் ஒழுங்கு இது: மரியாதைச் சொல், வகிக்கும் பதவி, அவர் பெற்ற பட்டம், பெயர், இறுதியில் ‘அவர்கள்’. அதாவது, ‘மாண்புமிகு அமைச்சர் முனைவர் இன்னார் அவர்கள்’. ‘மாண்புமிகு’ பதவிக்கு உரியது, அதனால் பதவியை ஒட்டியே நிற்க வேண்டும். ‘முனைவர்’ ஆளுக்கு உரியது, அதனால் பெயரை ஒட்டி நிற்கும். ‘முனைவர் மாண்புமிகு’ என்று மாற்றிச் சொன்னால் காதில் உறுத்துவது இதனால்தான். பட்டம் இருக்கும்போது ‘திரு’ தேவையில்லை. ‘டாக்டர்’ என்று மட்டும் குறிப்பில் இருந்தால் நிறுத்திக் கேளுங்கள்: மருத்துவரா, முனைவரா, மதிப்புறு பட்டம் பெற்றவரா? மூன்றும் வேறு.

அடுத்து, அட்டைகளை அடுக்க வேண்டும். அரசுப் பதவியில் இருப்பவர்களுக்கு விழா நடக்கும் நாட்டின் அரசே முன்னுரிமை வரிசை வைத்திருக்கும். அமைச்சர் முன்னா, தூதர் முன்னா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே ஊகிக்காமல் அந்த அரசின் புரோட்டோகால் பிரிவில் கேட்பதே வழி. நம் மேடையில் அமைச்சர் முதலில் என்று பதில் வந்ததாகக் கொள்வோம்.

இரு தூதர்களில் யார் முன்? எந்த நாடு பெரியது என்று பார்க்கத் தொடங்கினால் முடிவே வராது. 1661இல் லண்டனில் ஸ்பெயின், பிரான்ஸ் தூதர்களின் ஆட்கள், யாருடைய வண்டி முன்னே செல்வது என்று தெருவில் மோதி உயிரிழப்பில் முடிந்தது. 1815 வியன்னா மாநாடு இதற்கு நாள் கணக்கைக் கொண்டுவந்தது. 1961 வியன்னா உடன்படிக்கையின் 16ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஒரே நிலைத் தூதர்களில் முதலில் பொறுப்பேற்றவர் முன். ஒரே நாளில் பொறுப்பேற்றிருந்தால் நேரம் பார்க்கப்படும். நேற்று வந்த பெரிய நாட்டுத் தூதர், மூன்றாண்டுகளாக இருக்கும் சிறிய நாட்டுத் தூதருக்குப் பின்னால்தான். ஒரே பதவியில் இருவர் வரும் எந்த மேடையிலும் இந்த விதியைக் கடன் வாங்கலாம். எனக்கு இதைவிட நேர்மையான வழி தெரியவில்லை.

மீதி இருவர் துணைவேந்தரும் மேனாள் நீதிபதியும். இவர்களை ஒப்பிட அரசின் பட்டியலிலும் இடமில்லை என்றால், அகர வரிசையே துணை. ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில்கூட ஆண்டுதோறும் குலுக்கலில் ஒரு நாட்டைத் தேர்ந்து, அதிலிருந்து ஆங்கில அகர வரிசையில்தான் இருக்கைகள் தருகிறார்கள். தலைப்பெழுத்தை விட்டுவிட்டுப் பெயரின் முதல் எழுத்தைப் பாருங்கள். ‘அடுத்த இரு விருந்தினர்களையும் அகர வரிசையில் அறிமுகம் செய்கிறேன்’ என்று மேடையில் சொல்லியும் விடுங்கள். அந்த ஒரு வரி இல்லையென்றால், பின்னால் அழைக்கப்பட்டவர் தம்மைக் குறைத்துவிட்டதாகவே நினைப்பார்.

‘மேனாள்’ என்ற சொல்லில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். ஓய்வு பெற்ற தலைவர் ஒருவரை, அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு, இப்போதைய தலைவர் மேடையில் இருக்கும்போதே பழைய பதவியால் அழைத்தேன். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. இப்போது அட்டையில் ‘மேனாள்’ என்பதைச் சிவப்பு மையால் எழுதுகிறேன். ஒரே பதவி என்றால், பதவியில் இருப்பவருக்குப் பிறகே மேனாள் வருவார். ஒருவருக்குப் பதிலாக வந்தவருக்கும் இதே கவனம் வேண்டும்: அனுப்பியவரின் இடம் அவருக்கு இல்லை, தம் சொந்தப் பதவியால் அழைத்து, ‘இன்னாரின் சார்பில் வந்திருக்கிறார்’ என்று சேருங்கள்.

ஐயம் எழுந்தால் விருந்தினரின் அலுவலகத்திடம் இரண்டு நாள் முன்பே எழுத்தில் கேளுங்கள்: இன்றைய பதவி, பொறுப்பேற்ற நாள், பெயரை எப்படிச் சொல்வது. பதில் வராமலே விழா நாள் வந்துவிட்டால், அவருடன் வந்த உதவியாளரை மேடைக்குக் கீழே தனியாக அழைத்து அட்டையைக் காட்டுங்கள். விருந்தினரிடமே மேடையில் கேட்பது அவரைச் சங்கடப்படுத்தும். உதவியாளரும் இல்லை, பட்டமும் உறுதியில்லை என்றால், உறுதியாகத் தெரிந்த பதவியையும் பெயரையும் ‘அவர்கள்’ சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாத பட்டத்தைக் கூட்டிச் சொன்னால், அவரே ஒலிவாங்கியில் திருத்த வேண்டிய நிலை வரும்.