ஆள்குறைப்பை வீடியோவில் சொல்லும் தலைவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

கேமரா முன் பேசுகிறவர்களுக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஒருமுறை ஒரு நிறுவனத் தலைவரின் ஆறு நிமிடப் பேச்சு திருத்தத்துக்கு வந்தது. பத்து வருடப் பயணம், சந்தை நிலவரம், புதிய கட்டமைப்பு என்று எல்லாம் வந்துபோன பிறகு, நாலாவது நிமிடத்தில்தான் "சில பதவிகள் பாதிப்புக்கு உள்ளாகும்" என்று ஒரு வரி இருந்தது. எத்தனை பதவி, யாருடையது, எப்போது என்று ஒன்றும் இல்லை.

அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். ஏதோ நடக்கப்போகிறது என்ற பேச்சு ஆபீஸில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். வீடியோவைத் திறப்பவர் மனதில் "எனக்கு வேலை இருக்கா, இல்லையா?" என்ற ஒரே கேள்விதான். அதற்குப் பதில் வரும்வரை நீங்கள் சொல்லும் எதுவும் காதில் ஏறாது.

அப்படியானால் எடுத்தவுடனே போட்டு உடைத்துவிடலாமா? 2021 டிசம்பரில் அமெரிக்காவின் பெட்டர்.காம் நிறுவனத் தலைவர் விஷால் கர்க் ஏறக்குறைய 900 பேரை ஒரே ஜூம் அழைப்பில் வேலையை விட்டு நீக்கினார். பேச்சு சில நிமிடங்கள்தான், செய்தியிலும் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் வேலை போகிறவர்களிடமே, முன்பு ஒருமுறை இப்படிச் செய்தபோது தான் அழுததாகச் சொன்னார். வேலை போனவருக்கு அவருடைய கண்ணீர் எதற்கு? பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. 2022 மார்ச்சில் பிரிட்டனின் பி அண்ட் ஓ ஃபெரீஸ், முன்பே பதிவு செய்த வீடியோ மூலம் சுமார் 800 கப்பல் பணியாளர்களை அன்றே நீக்கியது. தொழிற்சங்கங்களோடு முன்கூட்டிப் பேசியே ஆக வேண்டும் என்பது சட்டம். அதைத் தெரிந்தே செய்யவில்லை என்று அதன் தலைவர் நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார்.

இந்த இரண்டிலும் வார்த்தைகளைவிடப் பெரிய தவறு, வீடியோவைத் தவறான வேலைக்குப் பயன்படுத்தியது. "உங்களுக்கு வேலை இல்லை" என்பதை ஒருவரிடம் இன்னொருவர் தனியாகச் சொல்ல வேண்டும். என்ன நடக்கிறது, ஏன், யாருக்கு எப்போது தெரியவரும் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லத்தான் வீடியோ.

அந்த ஆறு நிமிடப் பேச்சை இரண்டரை நிமிடமாகக் குறைத்தோம். தொடக்கம் இப்படி ஆனது: "வணக்கம். இங்கே வேலை செய்யும் 420 பேரில் 60 பேரின் வேலை முடிவுக்கு வருகிறது. அந்த 60 பேரிடமும் இன்று பகல் 12 மணிக்குள் அவரவர் மேலாளர் தனியாகப் பேசுவார். அதற்குள் உங்களுக்கு அழைப்பு வரவில்லை என்றால் இந்த 60 பேரில் நீங்கள் இல்லை." காரணம் அதற்கு அப்புறம்தான்: "இரண்டு பெரிய ஆர்டர் வரும் என்று நம்பி ஆள் எடுத்தேன். வரவில்லை. அந்தக் கணக்கு என்னுடையது."

"எடுத்தேன்" என்ற சொல்லுக்குத்தான் பெரிய சண்டை. நிறுவனத்தின் வக்கீல் அதை "ஆள் எடுக்கப்பட்டது" என்று மாற்றிக்கொண்டே இருந்தார். யார் செய்தார் என்பதை மறைக்கத் தமிழில் "பட்டது" இருக்கும்போது கவலையே இல்லை! கேட்பவருக்கோ அந்த இடத்திலேயே நம்பிக்கை போய்விடும். "நாம் கடினமான முடிவை எடுத்திருக்கிறோம்" என்பது அதைவிட மோசம். வேலை போகிறவரும் சேர்ந்தா முடிவெடுத்தார்? அங்கே "நான்" வர வேண்டும், குறைந்தது "நாங்கள்".

"இனி ஆள்குறைப்பே இருக்காது" என்ற வரியையும் அடித்தேன். ஆறு மாதத்தில் மறுபடி வந்தால் அந்த கிளிப்தான் வாட்ஸ்அப்பில் சுற்றும். "இப்போதைக்கு வேறு திட்டம் இல்லை, மாறினால் நானே வந்து சொல்வேன்" என்பது அவரால் காப்பாற்றக்கூடிய வாக்கு.

ஷூட்டிங்கில் கண்தான் காட்டிக்கொடுக்கும். பேச்சை ஓடவிட்டுக் காட்டும் டெலிபிராம்ப்டர் திரை பேசுகிறவருக்கு மிக அருகில் இருந்தால் கண் இடவலமாக ஓடுவது அப்படியே தெரியும். அதைச் சில அடி பின்னால் தள்ளி, எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு மூன்று நான்கு சொல் மட்டும் வைத்தால் ஓட்டம் அடங்கிவிடும். ஒரே டேக்கில் எடுப்பது நல்லது. வெட்டி ஒட்டினால், இடையில் எதை நீக்கினார்கள் என்று சந்தேகம் வரும். எங்கள் தலைவர் "60" சொல்லும்போது லேசாகத் தடுமாறினார், அதை அப்படியே விட்டோம்.

எடிட்டர் ஆசையாகப் பின்னணியில் மெல்லிய பியானோ சேர்த்து அனுப்பியிருந்தார். அதை முதலில் எடுக்கச் சொன்னேன்.