கணக்கைக் கேட்ட பங்குதாரரைக் கடையைவிட்டு நீக்கலாமா?

பினாங்கு ஸ்திரீட் பக்கம் மூன்று பேர் கூட்டாக மசாலாச் சரக்கு மொத்தக்கடை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சரக்கு வாங்குகிறார். இன்னொருவர் கடையில் உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்க்கிறார். மூன்றாமவர் முதல் போட்டவர், மாதம் ஒருமுறை வந்து போவார். மூவருக்கும் சமபங்கு. ஏலக்காய்க் கொள்முதல் விலை மட்டும் சந்தை விலையைவிட எப்போதும் கூடுதலாக இருப்பதைக் கவனித்த முதல் போட்டவர், கொள்முதல் பில்களைக் காட்டுங்கள் என்கிறார். "அக்கவுண்டன்ட் ஊரில் இல்லை, அடுத்த மாதம் பார்ப்போம்" என்று பதில் வருகிறது. அவர் மறுபடி கேட்கிறார். பத்து நாளில் மற்ற இருவரும் கையெழுத்திட்ட கடிதம் வீட்டுக்கு வந்துவிடுகிறது: "இன்றிலிருந்து நீங்கள் இந்தக் கடையின் பங்குதாரர் இல்லை."

கடை கற்பனைதான். ஆனால் இருதரப்பும் வழக்கமாகச் செய்யும் தவறுகள் எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

முதல் தவறு, "நாங்கள் இரண்டு பேர், நீ ஒருத்தன்" என்ற கணக்கு. அன்றாட வியாபார விஷயங்களில் பெரும்பான்மை முடிவு செல்லும். ஒருவரை வெளியேற்றுவதில் செல்லாது. மலேசியாவின் 1961ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது: நீக்கும் அதிகாரத்தைப் பங்குதாரர்கள் தங்களுக்குள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, எந்தப் பெரும்பான்மையாலும் ஒரு பங்குதாரரை நீக்க முடியாது. ஒப்பந்தப் பத்திரமே எழுதாமல், வியாபாரங்களைப் பதிவுசெய்யும் அரசு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிந்ததோடு நிறுத்திக்கொண்ட கடைகளில் அந்த அதிகாரம் யாரிடமும் இருக்காது. எஸ்.எஸ்.எம். பதிவிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்பதும் இதே தவறுதான். நடந்து முடிந்த மாற்றத்தைத் தெரிவிக்கும் இடம் அது. செல்லாத நீக்கம் அங்கே போனால் செல்லுபடியாகிவிடாது.

பத்திரத்தில் நீக்கும் விதி இருந்தாலும் அதை எழுத்துக்கு எழுத்து பின்பற்ற வேண்டும். நீதிமன்றங்கள் இதைக் குறுக்கித்தான் படிக்கின்றன. 1962இல் இங்கிலாந்தில் வழக்கறிஞர்கள் கூட்டு ஒன்றில் இது நடந்தது. தவறு செய்யும் பங்குதாரரை மற்றவர்கள் நீக்கலாம் என்று பத்திரத்தில் இருந்தது. அதை வைத்து ஒருவர் மற்ற இருவரையும் ஒருசேர நீக்கப் பார்த்தார். செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

நம் மசாலாக் கடைப் பத்திரத்தில் விதி தெளிவாக இருக்கிறது என்றே கொள்வோம்: இருவர் எழுத்துமூலம் கையெழுத்திட்டு மூன்றாமவரை நீக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, கடைசியாக மூவரும் கையெழுத்திட்ட ஆண்டுக்கணக்கில் அவர் பங்குக்கு உள்ள தொகையைக் கொடுத்தால் போதும். கடிதமும் அப்படியே போயிருக்கிறது. இப்போதாவது செல்லுமா?

பெரிய தவறு நடக்கும் இடம் இதுதான். அதிகாரம் இருப்பது வேறு, அதை நன்னம்பிக்கையோடு பயன்படுத்துவது வேறு. இந்தியாவின் 1932ஆம் ஆண்டுச் சட்டத்தில் 33ஆம் பிரிவிலேயே நன்னம்பிக்கை என்ற நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறது. நம் 27ஆம் பிரிவில் அந்தச் சொல் இல்லை. அதைப் பார்த்து "நம்ம ஊர்ச் சட்டத்தில் அதெல்லாம் கிடையாது" என்று சொல்பவர்கள் உண்டு. தவறு. பங்குதாரர்கள் ஒருவருக்கொருவர் காட்ட வேண்டிய நேர்மை, நீதிமன்றங்கள் தீர்ப்புகள் வழியே வளர்த்த நியாய நெறியிலிருந்து வருவது. அந்த நெறிகள் இங்கேயும் தொடரும் என்று சட்டமே சொல்கிறது.

அடிப்படை வழக்கு இங்கிலாந்தில் 1853ஆம் ஆண்டு நடந்த பிளிசெட் எதிர் டேனியல். அங்கேயும் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை காரணம் சொல்லாமலே நீக்கலாம் என்று பத்திரத்தில் இருந்தது. பங்குதாரர் ஒருவர் தன் மகனை நிர்வாகத்தில் சேர்க்க விரும்பினார், பிளிசெட் மறுத்தார். அவர் முதுகுக்குப் பின்னால் மற்றவர்களைச் சரிக்கட்டி, அவரிடம் ஆண்டுக்கணக்கில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, அதன் பிறகே நீக்கக் கடிதத்தை நீட்டினார்கள். கையெழுத்திட்ட கணக்கின்படிதான் அவருக்குத் தொகை என்பதால், அந்த மௌனம் அவருக்கு வைத்த பொறி ஆயிற்று. நீக்கம் செல்லாது என்றது நீதிமன்றம். அதிகாரம் கூட்டு முழுவதன் நன்மைக்காகக் கொடுக்கப்பட்டது. சிலருடைய சொந்த லாபத்துக்கு அதை எடுக்கக்கூடாது.

நம் கடைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். கடைசிக் கணக்கில் முதல் போட்டவர் பங்கு 80,000 ரிங்கிட். அதன் பிறகு கிடங்கில் சரக்கு நிரம்பியிருக்கிறது, விலையும் ஏறியிருக்கிறது, கடையின் பெயருக்கென்று ஒரு மதிப்பும் உண்டு. இன்று கணக்குப் பார்த்தால் அவர் பங்கு 1,30,000 ரிங்கிட் வரும் என்று வைத்துக்கொண்டால், கடிதத்தில் போட்ட இரண்டு கையெழுத்தால் மற்ற இருவருக்கும் 50,000 மிஞ்சுகிறது. கூடவே பில்களும் மறைந்தபடியே இருக்கும். ஏலக்காய், சரக்கு வாங்குபவரின் மைத்துனர் நிறுவனம் வழியாக வருகிறது என்பது பின்னால் தெரியவந்தால், கணக்குக் கேட்டதற்கும் கடிதத்துக்கும் இடையிலான பத்து நாளே முக்கியமான சாட்சி ஆகிவிடும். அதற்காக ஒருவர்மேல் உள்ள வெறுப்பு மட்டுமே நீக்கத்தைக் கெடுத்துவிடாது. உண்மையான ஒழுங்கீனம் இருந்து, தேதியோடு குறித்து வைத்திருந்தால், நீக்கியவர்கள் கோபமாக இருந்தார்கள் என்பதால் மட்டும் அது செல்லாமல் போகாது.

நீக்கம் செல்லாது என்றால் அவர் இன்னும் பங்குதாரர்தான். அந்தக் காலத்து லாபத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. பிரிந்தே ஆக வேண்டும் என்றால் நேர்வழி இருக்கிறது: காலவரையறை இல்லாத கூட்டில் யாரும் மற்ற எல்லாருக்கும் அறிவிப்புக் கொடுத்துக் கூட்டையே முடித்துக்கொள்ளலாம். பிறகு சொத்தைப் பிரிக்கும்போது உண்மை மதிப்பு வெளியே வந்துவிடும். சிலர் நீக்கத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். 26ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் வேறுமாதிரி ஒப்புக்கொள்ளாத வரை, புத்தகங்கள் கடையிலேயே இருக்க வேண்டும். எந்தப் பங்குதாரரும் தாம் விரும்பும்போது பார்க்கலாம், நகல் எடுக்கலாம். "எதற்குப் பார்க்கிறாய்?" என்று கேட்டு நிறுத்திவைப்பது தவறு. கடையில் வேலை செய்யாதவர் என்பதும் காரணமாகாது. இன்று புத்தகம் என்றால் கணினியில் உள்ள கணக்கும்தான். கடவுச்சொல்லை மாற்றி வைப்பது அலமாரியைப் பூட்டுவதற்குச் சமம். தம் சார்பில் கணக்காளரை அனுப்பலாமா என்ற கேள்விக்கும் 1901இல் பெவன் எதிர் வெப் வழக்கில் பதில் வந்துவிட்டது: அனுப்பலாம். வருபவர்மேல் மற்றவர்களுக்கு நியாயமான ஆட்சேபம் இருக்கக்கூடாது, பார்த்ததை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று அவர் உறுதி தர வேண்டும். போட்டிக் கடைக்காரரின் கணக்காளரை அழைத்துவந்தால் மறுக்கலாம்.

கேட்பவரும் தவறு செய்வார். மூலப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது முதலாவது. வாடிக்கையாளர் பட்டியலை நகல் எடுத்து, பிரிந்ததும் அவர்களைத் தன் பக்கம் இழுக்க நினைப்பது அடுத்தது; 1896இல் டிரெகோ எதிர் ஹண்ட் வழக்கில் அந்த நோக்கத்தோடு நகல் எடுப்பதற்கே தடை கிடைத்தது. மூன்றாவது, எல்லாவற்றையும் வாயால் மட்டும் கேட்பது. எந்த மாதத்துப் பில்கள், எந்த வங்கி அறிக்கை, எந்த நாள் எத்தனை மணிக்கு வருகிறேன் என்று மற்ற இருவருக்கும் தேதி போட்டு எழுதுங்கள். மறுத்தால் அந்தப் பதிலையும் எழுத்தில் கேளுங்கள். அதோடு, பில்களைப் பார்த்து முடிக்கும் வரை புதிய ஆண்டுக்கணக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.