பஃபர் ஜாக்கெட்டை உதறிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள்

டெல்லி சரோஜினி நகரிலோ கரோல் பாக்கிலோ பஃபர் ஜாக்கெட் வாங்கும்போது, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கி நாலு தடவை நன்றாக உதறிவிட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். தையல் கோடுகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு பட்டையும் மேலிருந்து கீழ்வரை நிறைந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பது உதிரிப் பஞ்சு என்றால், பட்டை அகலமாகவும் பஞ்சு குறைவாகவும் இருக்கும்போது அது அடித் தையலில் போய்த் தங்கிவிடும். மேல்பாதி வெறும் துணிதான், குளிர் அங்கேதான் ஏறும். தோளையும் காலரையும் விரலால் கிள்ளியும் பாருங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். கறுப்புத் துணியில் வெளிச்சம் ஊடுருவாது, அதற்குக் கிள்ளிப் பார்ப்பது ஒன்றே வழி. விரிப்புப் பஞ்சு வைத்துத் தைத்த குயில்ட் ஜாக்கெட்டுக்கும் ஃப்ளீஸுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. நகர்ந்து போக அவற்றில் உதிரிப் பஞ்சே கிடையாது.