படப்பிடிப்பு நாட்குறிப்பில் எதை எழுதுவது?

மாணவர் குறும்பட நாட்குறிப்புகளில் பெரும்பாலும் "காலையில் வந்தோம், மூன்று காட்சிகள் எடுத்தோம்" என்றுதான் இருக்கும். இது அன்றைய படப்பிடிப்புத் திட்டத்தைச் சொல்லும் கால்ஷீட்டிலேயே தெரிந்துவிடும். மதிப்பெண் போடுபவர் தேடுவது, திட்டம் எங்கே மாறியது, ஏன் மாறியது என்பதைத்தான். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஷாட் எண், நினைத்தது, செய்தது, காரணம் இவற்றை எழுதுங்கள். இப்படி:

"காட்சி 4, ஷாட் 2. ஸ்டோரிபோர்டில் வைட் ஷாட். மாலை 4.30க்கு வெளிச்சம் போய்விட்டது. ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினால் நிழலெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. க்ளோசப்புக்கு மாறி, விளக்கை முகத்துக்கு அருகில் வைத்தேன். டேக் 3 ஓகே. ஆனால் அறை எவ்வளவு பெரியது என்று பார்ப்பவருக்குத் தெரியாது, எடிட்டிங்கில் இடிக்கலாம்."

அந்தக் கடைசி வரிதான் பின்னால் கைகொடுக்கும். எடிட் செய்தபின், பழைய குறிப்பைத் திருத்தாமல், கீழே புதிய தேதியிட்டு, "இடித்தது. காட்சி 3இன் வைட் ஷாட்டை முன்னால் சேர்த்தேன்" என்று எழுதுங்கள். ஊகித்ததும் நடந்ததும் அருகருகே இருந்தால், சுயமதிப்பீட்டுக் கட்டுரையில் பாதி அங்கேயே தயார்.

செட்டில் எழுத நேரம் கிடைக்காது, உண்மைதான். விளக்குகளை மாற்றும் இடைவெளியில் போனில் அரை நிமிடம் பேசிப் பதிந்துவிட்டு, அன்றிரவே எழுதிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால், தற்செயலாக நடந்ததுகூடத் திட்டமிட்டுச் செய்தது போலத் தோன்றும்.

அப்புறம், குழு வேலை என்றாலும் முடிவெடுத்தவரைக் குறிப்பிடுங்கள். எல்லா இடத்திலும் "நாங்கள்" என்றே எழுதினால், உங்கள் பங்குக்குத் தனியாக மதிப்பெண் தர வழியில்லை.