சரிந்தது உடலா, தரையா? பக்கவாட்டுப் படத்தைப் பார்த்து நிலையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தில் சமதரை கிடைப்பது அரிது. லயன் வீட்டு இஸ்தோப்பானாலும் முற்றமானாலும் பாடசாலை மைதானமானாலும், மழைத் தண்ணீர் ஓடட்டும் என்று கொஞ்சம் சரிவு வைத்திருப்பார்கள். பக்கவாட்டில் எடுத்த படத்தைப் பார்த்து "தலை முன்னே வந்திருக்கிறது, தோள் குவிந்திருக்கிறது, இடுப்பு சரிந்திருக்கிறது" என்று சொல்கிறவர்களை முதலில் ஏமாற்றுவது கண்ணுக்குப் படாத அந்தச் சரிவுதான்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து என்னிடம் வலைப்பந்து பயிற்சிக்கு வரும் மாணவி ஒருத்தியின் படத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் 156 செ.மீ. தம்பி இஸ்தோப்பில் ஒரு முக்காலியைப் போட்டு, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்துப் படமெடுத்திருக்கிறான். அவள் வாசற்கதவைப் பார்த்தபடி நிற்கிறாள். கணுக்கால் எலும்புக்குச் சற்று முன்னாலிருந்து மேலே ஒரு நேர்கோடு போட்டால், காது அதற்கு 9 செ.மீ. முன்னால் இருந்தது. "சேர், அக்காவின் கழுத்து வளைந்துவிட்டதாம், பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்" என்றான் தம்பி. அவள் முகம் வாடிப்போயிருந்தது.

அந்த இஸ்தோப்பு கதவிலிருந்து கானை நோக்கி ஒரு மீட்டருக்கு மூன்றரை சென்ரிமீட்டர் இறங்குகிறது. கோணமாகச் சொன்னால் 2 பாகை. முக்காலியும் அதே தரையில் நின்றதால் போனும் அதே அளவு சாய்ந்திருந்தது. ஆகவே படத்தில் தரை சமமாகத் தெரிந்தது. சாய்வு முழுவதும் அவள் உடம்பின்மேல் ஏறிவிட்டது. கணுக்காலிலிருந்து காது ஏறத்தாழ 135 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் 2 பாகைச் சாய்வு காதைச் சுமார் 5 செ.மீ. நகர்த்திவிடும். அவளை அதே இடத்தில் கானைப் பார்த்து நிற்கச் சொல்லி மறுபடி எடுத்தபோது, காது கணுக்கால் கோட்டுக்கு 1 செ.மீ. பின்னால் போயிருந்தது! ஒரே பெண், ஒரே கழுத்து. இரண்டுக்கும் நடுவிலுள்ள 4 செ.மீ.தான் உண்மைக்குக் கிட்டிய அளவு.

இதைத் தவிர்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இருந்தால் அது போதும். இல்லையென்றால் ஒரு நூலில் கனமான நட்டைக் கட்டி, நிற்பவருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, அதுவும் படத்தில் விழும்படி எடுக்க வேண்டும். கதவு நிலையையோ சுவரின் விளிம்பையோ நம்பக் கூடாது. பழைய லயன்களில் அவையும் சாய்ந்திருக்கும். நூலிலிருந்து நமக்கு வேண்டியது செங்குத்துத் திசை மட்டுமே. படத்தில் நூலுக்கு இணையாக, கணுக்கால் எலும்புக்குச் சற்று முன்னாலிருந்து ஒரு கோடு வரைந்து, காது, தோள், இடுப்பு மூட்டு, முழங்கால் ஆகியவை அந்தக் கோட்டுக்கு எங்கே நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். நிற்கும் இடமும் சமமாக இருக்க வேண்டும், ஏனென்றால் சரிவில் நிற்பவர் கணுக்காலில் தன்னை ஈடுகட்டிக்கொள்வார். தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள். உருண்டால் வேறு இடம் தேடுங்கள்.

அடுத்த தவறு, போனைக் கிட்ட வைத்து எடுப்பது. காம்பரா சிறியது, இடமில்லை என்று ஒரு மீட்டரிலேயே நின்று எடுத்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது தோள், காதைவிடப் போனுக்கு நெருக்கமாக இருக்கிறது. போன் ஆளுக்கு நேர் பக்கத்தில் இல்லாமல் 20 செ.மீ. முன்னே தள்ளியிருந்தால், நெருக்கமான தோள் படத்தில் அதிகமாகப் பின்னுக்குப் போகும். தலை முன்னே வந்தது போலத் தோன்றும். ஒரு மீட்டரில் இந்தப் பொய்யான இடைவெளி சுமார் 3 செ.மீ. வரை வரும். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் ஒரு சென்ரிமீட்டருக்கும் குறையும். ஆகவே மூன்று மீட்டர் தூரம், இடுப்பளவு உயரம், கணுக்காலுக்கு நேர் எதிரே. அகலக் கோண லென்ஸைத் தொடவே வேண்டாம்.

இனிப் படத்தை வாசிப்பது. இங்கே அதிகம் நடப்பது காதையும் தோளையும் மட்டும் ஒப்பிட்டு முடிவு சொல்வது. தோளும் முன்னே குவிந்திருந்தால் காது அதற்கு நேர் மேலேயே நிற்கும். பார்ப்பவர் "எல்லாம் சரி" என்பார். கணுக்கால் கோட்டை வைத்துப் பார்த்தால்தான் இரண்டுமே முன்னே இருப்பது தெரியும். இதற்கு எதிரான தவறும் உண்டு. ஒருவர் கணுக்காலிலிருந்தே முழு உடம்பையும் முன்னே சாய்த்து நிற்கிறார். இடுப்பு, தோள், காது எல்லாமே கோட்டுக்கு முன்னால். அதில் தலையை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவது பிழை. கீழிருந்து மேலே ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டு போனால், விலகல் எங்கே தொடங்குகிறது என்பது தானாகத் தெரியும். அந்த மாணவியின் படத்தில் இடுப்பும் தோளும் கோட்டுக்கு 1 செ.மீ.க்குள் இருந்தன. மிச்சம் தோளுக்கு மேலே.

தோளைக் குறிக்கும்போது தசையின் வளைவைப் பார்க்காமல், தோள் நுனி எலும்பை விரலால் தடவி அங்கே ஒரு சிறு ஒட்டுப்பொட்டு வைக்க வேண்டும். உடற்பயிற்சி செய்யும் பையன்களுக்கு முதுகுத் தசையே உருண்டையாகத் தெரியும். நுவரெலியாக் குளிரில் சுவெட்டரோடு எடுத்த படத்தில் தோளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. குளிரில் யாரும் தோளை ஒடுக்கிக்கொண்டுதான் நிற்பார்கள்; வெயில் ஏறிய பிறகு எடுங்கள்.

இடுப்புச் சரிவில் நான் மிகவும் தயங்குவேன். பாவாடைப் பட்டியோ பெல்ட்டோ முன்பக்கம் இறங்கியிருப்பதைப் பார்த்து இடுப்பு சரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். துணி இறங்குவதற்கு வயிறும் புட்டமும் காரணமாக இருக்கலாம். பார்க்க வேண்டியவை இரண்டு எலும்புகள்: முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் இடுப்பெலும்பின் முனை, பின்பக்கம் குழி விழும் இடத்திலுள்ள எலும்பு. அவரையே தொட்டுப் பார்த்துப் பொட்டு வைக்கச் சொல்லலாம். முன்முனை பின்முனையைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருப்பது சாதாரணமாகவே பலரிடம் காணப்படுவது. இடுப்பெலும்பின் வடிவமே ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், இருவர் படத்தை அருகருகே வைத்து ஒருவருக்கு அதிகம் என்று சொல்ல முடியாது. ஒரே ஆளின் இரண்டு படங்களை ஒப்பிடலாம், அவ்வளவுதான்.

படம் எடுக்கப்போகிறோம் என்றதும் எல்லோரும் விறைத்துக்கொள்கிறார்கள். நின்ற இடத்திலேயே பத்து எட்டு நடக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மூடித் தலையை மேலும் கீழும் ஆட்டி, கண்ணைத் திறந்து எதிரே பார்க்கச் சொல்லி எடுங்கள். இப்படி மூன்று படம். அந்த மாணவிக்கு மூன்றில் காது 3, 4, 5 செ.மீ. என்று வந்தது. அப்படியென்றால் அடுத்த மாதம் 3 செ.மீ. வந்தாலும் "முன்னேறிவிட்டது" என்று சொல்ல இடமில்லை. ஒரே நாளில் வந்த வேறுபாட்டுக்குள் அது அடங்கிவிடுகிறது.

கடைசியாக, சொல்லும் சொல். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் பதிய வேலை செய்யும் ஒரு பெண்ணின் படம் கிடைத்தால், வேலைதான் கழுத்தை இப்படி ஆக்கியது என்று உடனே எழுதத் தோன்றும். படம் காரணத்தைக் காட்டுவதில்லை. வலி இருக்கிறதா, எலும்பு தேய்ந்ததா என்பதையும் காட்டுவதில்லை. தலை முன்னே இருந்தும் வலியே அறியாதவர்கள் உண்டு, நேராக நின்றும் வலியோடு இருப்பவர்கள் உண்டு. அந்த மாணவியின் குறிப்பேட்டில் நான் எழுதியது இது: "சமதரை, தூக்குநூல், 3 மீட்டர், மூன்று படம். இயல்பாக நிற்கும்போது காது, கணுக்கால் கோட்டுக்கு 3 முதல் 5 செ.மீ. முன்னால். தோளும் இடுப்பும் கோட்டுக்கு அருகில்." கழுத்து வலிக்கிறதா, கை மரத்துப்போகிறதா என்று கேட்டேன்; இல்லை என்றாள். ஆம் என்றிருந்தால் படத்தை மூடி வைத்துவிட்டு, வைத்தியரிடம் போகச் சொல்லியிருப்பேன்.