ஒண்ணுக்கு அடக்க முடியலையா? மூணு நாள் எழுதிப் பாருங்க

கோத்தகிரிப் பக்கம் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி பார்க்கிறேன். முட்டிவலி என்று கூப்பிடுவார்கள். அரைமணி நேரம் பேசிய பிறகுதான், "இன்னொண்ணு கண்ணு..." என்று குரல் இறங்கும். அந்த இன்னொன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கேட்பது

"அடக்க முடியலையா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லையே" என்றுதான் பதில் வரும். அடக்கம் என்ற சொல்லே குற்றம் சாட்டுவது போல இருக்கிறது. நான் இரண்டே கேள்விதான் கேட்பேன். "பாத்ரூம் போய்ச் சேர்றதுக்குள்ள அவசரமாயிடுதா?" "இருமினா, தும்மினா, குடத்தைத் தூக்கினா கொஞ்சம் கசியுதா?" முதலாவதுக்கு ஆமாம் என்றால், சிறுநீர்ப் பை நிரம்பும் முன்பே சுருங்கிவிடுகிறது. இரண்டாவதுக்கு ஆமாம் என்றால், அடியில் தாங்கும் தசை தளர்ந்திருக்கிறது. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். மகனையும் மருமகனையும் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

எழுதுவது

நோட்டில் நான்கு பத்தி: நேரம், என்ன குடித்தார், எவ்வளவு போனது, அவசரமா கசிவா. அளக்க, மில்லி கோடு போட்ட பழைய பிளாஸ்டிக் மக் ஒன்றை பாத்ரூமிலேயே வைத்துவிடுங்கள். மூன்று நாள் போதும், அடுத்தடுத்த நாளாக இருக்க வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவருக்குப் பேத்தி எழுதிக் கொடுக்கட்டும்.

படிப்பது

வேலை இங்கேதான் இருக்கிறது. முப்பது வருஷம் கொழுந்து பறித்த ஒரு பெரியம்மா, வயது 67. மேட்டுப்பாளையத்தில் தங்கை மகள் கல்யாணத்துக்கே போகவில்லை. பஸ்ஸில் மலை இறங்கும்வரை தாங்காது என்ற பயம். அவர் நோட்டில் ஒரு காலை:

5.45 – எழுந்ததும் 400 மில்லி
6.00 – டீ
6.50 – 120 மில்லி, அவசரம்
7.15 – டீ
7.50 – 90 மில்லி, கதவுகிட்டயே கசிவு
10.00 – டீ, இருமல், கசிவு இல்லை

முதல் வரியைப் பாருங்கள். 400 மில்லி பிடிக்கிற பை அது. சின்னதாகிவிடவில்லை. பிறகு ஏன் 90 மில்லிக்கே ஓடுகிறார்? அவசரம்தான் முந்துகிறது, டீ அதைக் கிளப்பிவிடுகிறது. இருமினாலும் கசியவில்லை, ஆகவே தசையை முதல் காரணமாகப் பிடிக்க வேண்டாம். குளிரும் ஒரு கை கொடுக்கிறது: தோலிலுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் சிறுநீரகம் கூடுதலாக நீரை வெளியேற்றும். டிசம்பரில் இங்கே எல்லோருக்குமே இது உண்டு.

அந்தப் பெரியம்மா தண்ணீரையும் குறைத்திருந்தார். பயந்தவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. சிறுநீர் அடர்ந்தால் பை இன்னும் எரிச்சலாகும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

பழக்குவது

ஆறு டீ குடித்தவரை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் தலைவலி வரும். வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து இரண்டில் நிறுத்தினோம்.

அவசரம் வந்தால் ஓடக்கூடாது. இருந்த இடத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து, காற்று வெளியேறாமல் இறுக்குவது போல அடித்தசையை ஐந்தாறு முறை வெடுக் வெடுக்கென்று இறுக்கி விடவேண்டும். அலை மாதிரி ஏறிய அவசரம் இறங்கும். இறங்கிய பிறகு மெல்ல நடந்து போகலாம். (சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்வார்கள் சிலர். வேண்டாம், பை முழுசாகக் காலியாகாமல் போகும்.)

கூடவே நேரம். முதல் வாரம் ஒருமணி நேரத்துக்கு ஒருமுறை. பிறகு வாரம் பதினைந்து நிமிஷம் கூட்டுங்கள். ஆறு வாரமாவது ஆகும். மூன்றாவது வாரத்தில் பெரியம்மா, "இது ஆகாது கண்ணு" என்று நோட்டைத் தூக்கிப் போட்டார். புதுச் சளி, அதோடு இரண்டு மோசமான நாள். ஒரு வாரம் பழைய இடைவெளிக்கே திரும்பி, மறுபடி தொடங்கினோம்.

வீட்டில் பார்க்கக்கூடாதது

சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், அடிவயிறு உப்பியும் போகவே முடியாமல் இருப்பது, திடீரெனக் காலோ உட்காரும் இடமோ மரத்துப்போவது: இதில் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டர். அடி இறங்கியது போலத் தோன்றினால் அவசரமில்லை, ஆனால் பெண் டாக்டரிடம் காட்டுங்கள். தாத்தாவுக்கு முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனால் இந்தப் பயிற்சியைத் தொடங்காதீர்கள். புராஸ்டேட் வீங்கிப் பை நிரம்பி வழிவதாகவும் இருக்கலாம். பிரஷர் மாத்திரைகளில் சில நீரைப் பிரிப்பவை. எந்த நேரத்தில் போடலாம் என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். வாயால் சொல்லக் கூச்சப்படுவதை அது சொல்லிவிடும்.

பெரியம்மா இப்போது இரண்டரை மணி நேரம் தாங்குகிறார். ராத்திரி ஒருமுறை எழுவது மட்டும் இன்னும் இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் மூடி போட்ட வாளி ஒன்று வைத்திருக்கிறோம்.